பத்துப் படங்களில் ஒரு கடம்

மானாமதுரைக் குயவர் ஒருவர், கடம் உருவாகும் விதத்தைப் பத்துப் படங்களாக அடுக்கி இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். விரலால் தள்ளத் தள்ள, முதல் படத்தில் குவியலாகக் கிடக்கும் கண்மாய் மண் பத்தாவது படத்தில் வித்வானின் மடியில் ஏறிவிடுகிறது. இப்படிப்பட்ட தொடர்களில் எல்லோரும் விரலை நிறுத்திப் பார்ப்பது சக்கரப் படத்தைத்தான். சுழலும் மண்ணும் ஈரக் கையும் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கடத்தைப் பொறுத்தவரை சக்கரத்தில் நடப்பது சிறிய வேலை. சில நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த படத்தில் ஒருவர் பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பலகையால் தட்டிக்கொண்டிருப்பாரே, கடம் பிறப்பது அங்கேதான்.

சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையில் இருக்கிறது மானாமதுரை. சுற்றியுள்ள கண்மாய்களின் களிமண்ணும் ஆற்று மணலும்தான் அடிப்படைச் சரக்கு. களிமண் மட்டும் இருந்தால் காயும்போது வெடிக்கும். மணல் கூடினால் பிடிமானம் போய்விடும். சோற்றுப் பானைக்கு இந்தக் கலவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. கடத்துக்கு அப்படி விட முடியாது. இரும்புத் துகள் போன்றவற்றைச் சேர்த்துப் பிசைவதும் உண்டு. கலவையைக் காலால் மிதிப்பதுதான் இரண்டாவது படம். மிதிக்கிறவர் பாதத்தாலேயே மண்ணைத் துழாவிக் கல்லையும் வேரையும் பொறுக்கி எறிவார். ஒரு சின்னக் கல் தங்கினாலும், சுடும்போது அந்த இடத்தில் விரிசல் விடும். உள்ளே காற்றுக் குமிழ் தங்கினாலும் அதே கதிதான்.

சக்கரத்தில் ஏறும் மண், கழுத்தும் வாயும் அமைந்து பானை போலவே எழும்பும். ஆனால் அதை நூலால் அறுத்து எடுக்கும்போது அடியில் பெரிய ஓட்டை இருக்கும். சுவரும் தடிமனாக, மேலே ஒரு கனம், கீழே ஒரு கனமாக இருக்கும். வாய் மட்டும்தான் சக்கரத்தில் முழுமையாக முடிகிறது. வயிற்றையும் அடியையும் தட்டித்தான் உண்டாக்க வேண்டும்.

சற்றே உலர்ந்த பானைக்குள் இடது கையை விட்டு, வழுவழுப்பான ஒரு குண்டுக் கல்லை உள்சுவரோடு அணைத்துப் பிடிக்கிறார்கள். வலது கையில் தட்டுப்பலகை. வெளியே பலகை விழும் இடத்துக்கு நேர் உள்ளே கல் இருக்க வேண்டும். உள்ளே போன கையைக் கண்ணால் பார்க்க முடியாது. சத்தமும் கையில் படும் அதிர்வும்தான் வழிகாட்டி. கல் விலகி நிற்கும்போது பலகை விழுந்தால் சுவர் உள்வாங்கிவிடும். பலகையில் மண் ஒட்டாமல் இருக்கச் சாம்பல் தூவிக்கொள்வார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து விரிய, அடி ஓட்டை சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் மூடிக்கொள்ளும்.

மற்றப் பானை என்றால் இந்த இடத்தில் வேலை முடிந்தது, காய வைத்துவிடலாம். கடத்தை நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி எடுத்துத் தட்டுவார்கள், மறுநாளும் தட்டுவார்கள். சில நாள் இப்படியே போகும். ஒவ்வொரு முறையும் மண் கொஞ்சம் இறுகியிருக்கும். ஈரம் மிஞ்சினால் பானை தொய்ந்துவிடும், காய்ந்துவிட்டாலோ தட்டும்போது கீறல் விடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தில்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பதம் வரக் காத்திருப்பதே பெரும்பாடு.

இவ்வளவு தட்டுவது எதற்காக? கடத்தில் இரண்டு விதமான ஒலி பிறக்கிறது. வாய்ப்பக்கம் உள்ளங்கையால் அடித்தால் வரும் 'தொம்' உள்ளே அடைபட்ட காற்றின் ஒலி. வித்வான் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் கும்கி காட்டுவது இந்தக் காற்றை வைத்துத்தான். கழுத்திலும் வயிற்றிலும் விரல் படும்போது கேட்கும் கணீர் ஒலி சுவருடையது. சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால் இடத்துக்கு இடம் நாதம் மாறும். மண் நெருக்கமாக இறுகவில்லை என்றால் ஒலி எழுந்தவுடன் அமுங்கிவிடும். மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது. அதனால் வாசிக்கிறவர் விரலுக்குக் கூடுதல் பலம் வேண்டும். அதற்கு ஈடாக உலோகத்தைத் தட்டியதுபோல் கூர்மையான நாதம் கிடைக்கிறது. சென்னைப் பக்கத்துக் கடம் இவ்வளவு கனமில்லை, வாசிப்பதும் எளிது.

படங்களில் துளியும் தெரியாத விஷயம் சுருதி. பாடகர் ஒரு கட்டையில் பாடுகிறார் என்றால் கடமும் அந்தச் சுருதியில் இருக்க வேண்டும். மிருதங்கத்தைப் போல வாரை இழுத்துச் சேர்க்க இதில் வழியில்லை. மண்ணோ காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். பச்சைப் பானையின் அளவு எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்றின் சுருதி ஏறத்தாழ ஒரு கட்டை அளவு ஏறிவிடும். ஒரு கட்டைக் கடம் வேண்டும் என்றால் பச்சையில் அதைவிடத் தாழ்ந்த சுருதிக்குரிய பெரிய பானையாகத்தான் செய்ய வேண்டும். அதிலும் ஒரு சுமையில் வந்த மண் போல அடுத்த சுமை இருப்பதில்லை. பத்து விழுக்காடு சுருங்க வேண்டியது ஒன்பதோடு நின்றால், அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு சுருதி இறங்கி நிற்கும். தம்புராவுக்குப் பக்கத்தில் வைத்தால் பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடும். இத்தனை மண் எடு, இவ்வளவு வாய் வை என்று குயவருக்குச் சொல்வது எழுதி வைத்த சூத்திரமல்ல, முன்பு சுட்ட பானைகள்தான்.

நன்றாகக் காய்ந்தபின் செங்காவி பூசிச் சூளையில் அடுக்குகிறார்கள். தொடரில் எல்லோரையும் கவரும் இன்னொரு படம் தீ நாக்கு நீட்டும் சூளை. ஆனால் கவனம் அதிகம் தேவைப்படுவது வெறும் புகை மட்டும் வரும் தொடக்க நேரத்தில்தான். காய்ந்ததுபோல் தோன்றும் பானைக்குள்ளும் ஈரம் இருக்கும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் அது ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். மெல்லச் சூடேற்றி, ஈரமெல்லாம் போனபிறகே தீயை ஓங்க விட வேண்டும். எரிந்து முடிந்ததும் உடனே பிரிக்கவும் கூடாது. குளிர்காற்று பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

அந்தக் கீறலைக் கண்டுபிடிப்பது காது. சூளையிலிருந்து எடுத்த கடத்தை வாயருகே பிடித்துக்கொண்டு விரல் முட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டுகிறார்கள். நல்ல கடம் எந்த இடத்திலும் கணீரென்று ஒலித்து ஒரு கணம் நீடிக்கும். கீறல் விழுந்ததில் 'கர்' என்று ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். போதாத சூட்டில் வெந்தது மந்தமாக ஒலிக்கும். சுருதி தவறிப் பிறந்தது குறையல்ல. அரைக் கட்டை தள்ளி அதற்கும் ஒரு பாடகர் இருப்பார். கீறியதற்கும் வேகாததற்கும் மேடை கிடையாது.

வாங்க வருகிறவர்கள் சுருதிப் பெட்டியை மீட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். தேடும் சுருதி அப்படியே அமையாதபோது, விவரம் தெரிந்தவர் மயிரிழை ஏறி நிற்கும் கடத்தை எடுத்துக்கொள்வார். வாயின் உட்புறத்தில் கொஞ்சம் களிமண்ணோ பிளாஸ்டிசினோ ஒட்டினால் சுருதி சற்றே இறங்கிச் சேர்ந்துவிடும். இறங்கிப் போன கடத்தை ஏற்றுவதற்கு அவ்வளவு சுலபமான வழி கிடையாது.