மூன்று தவறான விடைகள்

பள்ளிப் பாடநூலில் ‘பலவுள் தெரிக’ என்றும் போட்டித் தேர்வுகளில் கொள்குறி வினா என்றும் நாம் அறிந்த கேள்விகளில், சரியான விடையை எழுதுவது பெரிய வேலையில்லை. அது பத்தியிலேயே இருக்கிறது. கேள்வியின் தரத்தைத் தீர்மானிப்பவை மற்ற மூன்று விடைகள்தான். அவை அசட்டுத்தனமாக இருந்தால் பத்தியைப் படிக்காதவரும் மதிப்பெண் வாங்கிவிடுவார். வேண்டுமென்றே குழப்பினால் நன்றாகப் படித்தவர் மதிப்பெண்ணை இழப்பார். நல்ல தவறான விடை, அவசரமாகப் படித்தவருக்குச் சரியென்று பட வேண்டும். திரும்பிப் போய் நிதானமாகப் படிப்பவரோ, அதைப் பொய்யாக்கும் வரியின் மேல் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

ஒரு கேள்வியையே எழுதிப் பார்ப்போம். பத்தி இது:

“ஏரி நிரம்பிய ஆண்டுகளில் கீழ்மடை வயல்களில் இரண்டு போகம் நெல் விளைந்தது, மேல்மடை வயல்களில் ஒரு போகம். ஏரி பாதியே நிரம்பிய ஆண்டுகளில் மேல்மடைக்குத் தண்ணீர் ஏறாததால் அங்கே நெல் நடவில்லை. கிணறு வைத்திருந்தவர்கள் மட்டும் கடலை போட்டார்கள். கீழ்மடைக்காரர்கள் அப்போதும் ஒரு போகம் நெல் எடுத்தார்கள்.”

கேள்வி: ஏரி பாதியே நிரம்பிய ஆண்டுகளில் என்ன நடந்தது?

விடைகளை எழுதும் முன், இந்தப் பத்தியை ஒருவர் எங்கெல்லாம் தவறாகப் படிக்கக்கூடும் என்று யோசிக்க வேண்டும். நான் அறிந்தவரை இதற்கு நேரான வழி, விடைகளே கொடுக்காமல் கேள்வியை மட்டும் ஒரு வகுப்பில் கொடுத்து, பதிலை ஒரு வரியில் எழுதச் சொல்வதுதான். மாணவர்கள் எழுதும் தவறான வரிகள், நாம் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட எப்போதும் நம்பத்தக்கவை. இந்தப் பத்தியில் மூன்று இடங்களில் கால் வழுக்கும். ஒருவர் நிரம்பிய ஆண்டின் செய்தியைப் பாதி நிரம்பிய ஆண்டுக்கு ஏற்றிவிடுவார். இன்னொருவர் ‘மட்டும்’ என்ற சொல்லைப் பார்க்காமலே தாண்டிவிடுவார். மூன்றாமவர் அதைப் பார்ப்பார். ஆனால் அது மேல்மடையைப் பற்றியது என்பதை மறந்து ஊர் முழுவதற்கும் பொருத்திவிடுவார்.

முதல் வழுக்கலுக்கு உரிய விடை தானாக வருகிறது: “மேல்மடை வயல்களில் ஒரு போகம் நெல் விளைந்தது.” பத்தியில் உள்ள சொற்களே இதில் அப்படியே இருப்பதால்தான் இது இழுக்கும். ஆனால் அவை வேறோர் ஆண்டைப் பற்றிய சொற்கள். இரண்டாவதற்கு, “கிணறு இல்லாத மேல்மடைக்காரர்களும் கடலை போட்டார்கள்” என்று எழுதலாம். ‘மேல்மடைக்காரர்கள் எல்லோரும்’ என்று எழுதினாலும் பொருள் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ‘எல்லோரும்’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்களைக் கண்டாலே அந்த விடையை அடித்துவிடத் தேர்வெழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும். அவர்கள் பத்தியைப் படித்ததற்காக மதிப்பெண் பெறமாட்டார்கள்.

மூன்றாவதில்தான் ஆபத்து இருக்கிறது. “கிணறு வைத்திருந்தவர்கள் மட்டுமே பயிர் செய்தார்கள்” என்றுதான் முதலில் எழுதத் தோன்றும். கீழ்மடைக்காரர்கள் நெல் எடுத்தார்களே, எனவே இது பொய் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கூர்மையான ஒரு மாணவி கேட்பாள்: “சார், கீழ்மடைக்காரங்ககிட்டயும் கிணறு இருந்திருக்கலாமே?” இருந்திருக்கலாம். இல்லை என்று பத்தி எங்கும் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரிடமும் கிணறு இருந்தால் இந்த விடை உண்மையாகிவிடும். ஆக, பொய் என்று நிரூபிக்க முடியாத ஒன்றைத் தவறான விடையாக வைத்திருக்கிறோம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பது போன்ற இடங்களில் வந்து மாட்டுபவை இந்த வகைக் கேள்விகளே. நன்றாகப் படிப்பவரைத்தான் இவை முதலில் தண்டிக்கின்றன என்பதால், கேள்வி எழுதுபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுவே. அதைத் திருத்தி, “கிணறு வைத்திருந்த மேல்மடைக்காரர்களைத் தவிர யாரும் பயிர் செய்யவில்லை” என்று எழுதினால் ஓட்டை அடைபடுகிறது. கீழ்மடையில் கிணறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்தியின் கடைசி வாக்கியம் இதைப் பொய்யாக்கிவிடும்.

சரியான விடையையும் இனி மாற்ற வேண்டியிருக்கிறது. “கீழ்மடைக்காரர்கள் ஒரு போகம் நெல் எடுத்தார்கள்” என்று வைத்தால், பத்தியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பதில், “நிரம்பிய ஆண்டைவிடக் கீழ்மடையில் நெல் ஒரு போகம் குறைந்தது” என்று எழுதலாம். முதல் வாக்கியத்தின் இரண்டு போகத்தையும் கடைசி வாக்கியத்தின் ஒரு போகத்தையும் சேர்த்துப் பார்த்தவருக்குத்தான் இது பிடிபடும். இப்போது நான்கு விடைகளும் இப்படி நிற்கின்றன:

அ. மேல்மடை வயல்களில் ஒரு போகம் நெல் விளைந்தது.
ஆ. கிணறு வைத்திருந்த மேல்மடைக்காரர்களைத் தவிர யாரும் பயிர் செய்யவில்லை.
இ. நிரம்பிய ஆண்டைவிடக் கீழ்மடையில் நெல் ஒரு போகம் குறைந்தது.
ஈ. கிணறு இல்லாத மேல்மடைக்காரர்களும் கடலை போட்டார்கள்.

சரியான விடை மற்றவற்றைவிட நீளமாக இல்லை என்பதையும் கவனியுங்கள். எந்த ஆட்சேபத்துக்கும் இடம் தராமல் எழுத வேண்டும் என்ற கவலையில் கேள்வி எழுதுபவர்கள் சரியான விடையை மட்டும் நீட்டிவிடுவது வழக்கம். பத்தியை மறைத்துவிட்டு, கேள்வியையும் விடைகளையும் மட்டும் சிலரிடம் கொடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நான்கு விடைகள் உள்ள கேள்வியில் குருட்டாம்போக்காகச் சரியாவது நாலில் ஒரு பங்குதான். அதைவிடக் கணிசமாக அதிகம் பேர் சரியாகச் சொன்னால், விடை எங்கோ கசிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், தவறான விடை வேலை செய்கிறதா என்பது தேர்வு நடந்த பின்புதான் உறுதியாகும். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதத்தினரையும் கீழே உள்ள 27 சதவீதத்தினரையும் பிரித்து, ஒவ்வொரு விடையையும் எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939-இல் கணக்குப் போட்டு நியாயப்படுத்திய அளவு இது. உதாரணத்துக்கு, 100 பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். மேலே உள்ள 27 பேரில் இ-யைத் தேர்ந்தவர்கள் 21, கீழே உள்ள 27 பேரில் 8. வித்தியாசம் 13. அதை 27-ஆல் வகுத்தால் சுமார் 0.48 வரும். 0.4-ஐத் தாண்டினால் கேள்வி நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் தெளிவாகப் பிரிக்கிறது என்று கொள்வார்கள்.

தவறான விடைகளில் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும். அ-வை மேலே 2 பேரும் கீழே 9 பேரும் தேர்ந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. ஆ-வைக் கீழே உள்ளவர்களைவிட மேலே உள்ளவர்கள் அதிகம் தேர்ந்திருந்தால், அங்கே அந்த மாணவி கேட்டது போன்ற நியாயமான வாசிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கேள்வியை மீண்டும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஈ-யை நூறு பேரில் நான்கு பேர் மட்டும் தேர்ந்திருந்தால்? ஐந்து சதவீதம்கூடத் தேராத விடை செத்த விடை. அதற்குப் பதில் வேறொன்றைத் தேடலாம். கிடைக்காவிட்டால் அதை நீக்கிவிட்டு மூன்று விடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 80 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ரோட்ரிகஸ் 2005-இல், பெரும்பாலான தேர்வுகளுக்கு மூன்று விடைகளே போதும் என்ற முடிவுக்குத்தான் வந்தார். நான்கு இருக்க வேண்டும் என்று விதி இருக்கும் தேர்வுகளில் வேறு வழியில்லை. வகுப்பில் ஒருமுறை விடைகளின்றிக் கேட்டு வாங்கிய அந்தப் பதில் தாள்களை மறுபடி புரட்ட வேண்டியதுதான்.