ஆறரை என்றால் எந்த ஆறரை?

தாலுகா பேருந்து நிலையத்தின் சுவரில் பெயின்டால் எழுதிய நேரப் பலகை ஒன்றை யாரோ ஒருவர் கைபேசியில் படம் எடுக்கிறார். படம் ஊர்க் குழுவுக்குப் போகிறது. அங்கே ஒருவர் அந்த நேரங்களைத் தட்டச்சு செய்து, எல்லோரும் தேடிப் பார்க்கும்படி ஒரு பட்டியலாக்க முன்வருகிறார். நல்ல வேலை. ஆனால் பலகையில் 6.30 என்று மட்டும்தான் இருக்கிறது. பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு அது காலையா மாலையா என்ற சந்தேகமே வராது. அவருக்குப் பொழுது தெரியும். கணினிக்குத் தெரியாது. "அடுத்த பஸ் எப்போது?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டுமானால் 06:30 என்றோ 18:30 என்றோ நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் தவறினால் கடைசிப் பேருந்து போன பிறகும் ஒருவர் நிழற்குடையில் காத்து நிற்பார்.

ஒரு மாதிரிப் பலகையை எடுத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள கிராமத்துக்கு ஒரே ஒரு டவுன் பஸ் நாள் முழுக்கப் போய்வருகிறது. நேரங்கள் இரண்டு பத்திகளாக எழுதப்பட்டிருக்கின்றன. இடது பத்தியில் மேலிருந்து கீழாக 5.50, 7.30, 9.10, 10.50. வலது பத்தியில் 12.35, 2.15, 4.00, 5.40, 7.20, 9.00. பத்திகளுக்கு மேலே காலை, மாலை என்று எழுதியிருந்திருக்கலாம். படம் எடுத்தவர் நேரங்களை மட்டும் நெருக்கமாக எடுத்ததால் அந்த வரி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. இது அடிக்கடி நடப்பது. அமெரிக்க நகரங்களில் அச்சிடும் பேருந்து அட்டவணைகளில் பிற்பகல் நேரங்களைத் தடித்த எழுத்தில் போடும் வழக்கம் உண்டு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலி எண்ணை எடுத்துக்கொண்டு தடிமனை விட்டுவிடும். அங்கேயும் இதே சிக்கல்தான்.

காலை, மாலை என்ற சொல் இல்லாமலேயே இந்தப் பலகையைப் படிக்க முடியும். நேரங்கள் எழுதப்பட்டிருக்கும் வரிசையே போதும். பேருந்து நேரங்களை யாரும் கலைத்து எழுதுவதில்லை. முதல் பேருந்தில் தொடங்கிக் கடைசிப் பேருந்து வரை ஏறுவரிசையில்தான் எழுதுவார்கள். ஆகவே எண்கள் ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் சட்டென்று இறங்கினால், அங்கே நண்பகல் கடந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு நேரத்தோடும் 12 மணியைக் கூட்ட வேண்டும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் 12தான். கடிகார முகத்தில் 12 என்பது பெரிய எண் போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒவ்வொரு அரைநாளும் அங்கேதான் தொடங்குகிறது. நள்ளிரவு 12 முதல் அரைநாளின் தொடக்கம், நண்பகல் 12 இரண்டாவதன் தொடக்கம். அதனால் கணக்கிடும்போது 12 என்பதை முதலில் 0 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகுதான் பிற்பகலுக்கு 12ஐக் கூட்ட வேண்டும். இப்படிச் செய்தால் மதியம் 12.35 என்பது 0.35 ஆகி, 12 கூட்டப்பட்டு 12:35 ஆகவே நிற்கும். நள்ளிரவு 12.35 என்பது 00:35 ஆகும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் "பிற்பகல் என்றால் 12 கூட்டு" என்று மட்டும் வைத்துக்கொண்டால் மதியப் பேருந்து 24:35க்குப் போய் நிற்கும்.

நம் பலகையில் 10.50க்குப் பிறகு 12.35, அதாவது 0.35 வருகிறது. இறக்கம் அங்கேதான். அதன்படி மாற்றினால் கிடைப்பவை: 05:50, 07:30, 09:10, 10:50, 12:35, 14:15, 16:00, 17:40, 19:20, 21:00. விரிதாளில் செய்பவர்கள் மணியை B பத்தியிலும், AM அல்லது PM என்பதை C பத்தியிலும், நிமிடத்தை D பத்தியிலும் வைத்துக்கொண்டால் இந்த ஒரு வரி போதும்:

```
=TEXT(TIME(MOD(B2,12)+IF(C2="PM",12,0),D2,0),"HH:MM")
```

மணியையும் நிமிடத்தையும் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பலகைகளில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே புள்ளிதான் வைக்கிறோம். விரிதாள் அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு 7.20 என்பதை 7.2 என்று சுருக்கிவிடும். பிறகு பார்ப்பவர் அதை 7 மணி 2 நிமிடம் என்று படித்தால் அவர்மேல் தப்பில்லை.

இந்த இறக்கக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு; எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. படத்தைத் தவறாகப் படித்திருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாளுக்கான பட்டியலில் நள்ளிரவைத் தாண்டிய வண்டி இல்லாதவரை ஒரே ஓர் இறக்கம்தான் இருக்க முடியும். எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலி பத்தியாகப் படிக்காமல் வரிவரியாகக் குறுக்கே படித்தால் நம் பலகை 5.50, 12.35, 7.30, 2.15, 9.10, 4.00, 10.50, 5.40 என்று வரும். எண்ணிப் பாருங்கள், நான்கு இறக்கங்கள். பட்டியலே கலைந்துவிட்டது என்று உடனே தெரிகிறது. கையால் எழுதிய 7ஐ 1 என்று படித்தால் 5.40க்குப் பிறகு 1.20 வரும், இரண்டாவது இறக்கம். வெயில் பட்டுப் பளபளக்கும் இடத்தில் 12.35இன் முதல் இலக்கம் மறைந்து 2.35 ஆனாலும் அடுத்து வரும் 2.15 அதைக் காட்டிக்கொடுக்கும். இறக்கம் ஒன்றுக்கு மேல் போனால் எதையும் கூட்டாமல், படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லாப் பிழையும் இதில் சிக்காது. 4.00 என்பதை 4.30 என்று படித்தால் வரிசை குலைவதில்லை. அங்கே இடைவெளியைப் பார்க்கலாம். ஒரே வண்டி போய்வரும் தடத்தில் இரண்டு புறப்பாடுகளுக்கு நடுவே போக வர ஆகும் நேரம் இருந்தே தீர வேண்டும். நம் வண்டிக்குப் போக 45 நிமிடம், திரும்ப 45 நிமிடம், இரு முனையிலும் சற்று நிற்கும் நேரம். ஆக 100 அல்லது 105 நிமிட இடைவெளி பலகை முழுக்க வருகிறது. 4.30 என்று படித்தால் முன்னால் 135 நிமிடமும் பின்னால் 70 நிமிடமும் வரும். 70 நிமிடத்தில் அந்த வண்டி போய்த் திரும்பவே முடியாது.

கிராமத்து முனையில் இருக்கும் நேரங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. 5.50க்குப் புறப்பட்ட வண்டி 6.35க்கு ஊர் சேர்ந்து 6.40க்குத் திரும்பும். கிராமத்துப் பட்டியலில் 6.40 இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. அங்கே முதல் நேரம் 5.00 என்று இருந்தால், நகரத்திலிருந்து முதல் வண்டி வருவதற்கு முன்பே எப்படி ஒரு வண்டி கிளம்பும் என்று குழம்ப வேண்டாம், அதை மாலை 5 என்று மாற்றிவிடவும் வேண்டாம். அது ஹால்ட் பஸ். முந்தின இரவு 9.00க்குக் கிளம்பி 9.45க்கு வந்து ஊரிலேயே தங்கிய வண்டி, விடியலில் முதல் நடையாகக் கிளம்புகிறது.

பலகையில் பொழுது எழுதியிருந்தால் வேலை எளிது என்று தோன்றும். மு.ப., பி.ப. என்று எழுதியிருந்தால் எளிதுதான். ஆனால் பெரும்பாலும் காலை, பகல், மாலை, இரவு என்று நான்காகத்தான் எழுதுகிறார்கள். கணினிக்கு வேண்டியது இரண்டு பாதிகள். காலையும் மாலையும் தொல்லை தருவதில்லை. பகல் 11.30 என்பது 11:30, பகல் 1.20 என்பது 13:20. நண்பகலின் இருபுறமும் அந்தச் சொல் நிற்கிறது. இரவும் அப்படியே. இரவு 9.30 என்பது 21:30, இரவு 1.15 என்பது 01:15. "இரவு என்றால் 12 கூட்டு" என்று விதி எழுதியவரின் பட்டியலில் நடுநிசியில் வரும் வெளியூர் வண்டி மதியம் ஒன்றேகாலுக்கு வந்து நிற்கும். ஆகவே பகல், இரவு என்ற சொற்களை எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பகலில் 12 முதல் 3 வரை பிற்பகல், 10, 11 முற்பகல். இரவில் 7 முதல் 11 வரை பிற்பகல். 12, 1, 2, 3 என்பவை நள்ளிரவுக்குப் பிந்தியவை.

வரிசைக் கணக்கு முற்றாகக் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு இரண்டே நடை பேருந்து வரும் ஊர்கள். பலகையில் 6.30, 7.15 என்று இரண்டு நேரங்கள் மட்டும் இருந்தால் இறக்கமே இல்லை. கணக்கு இரண்டையும் காலை என்றே சொல்லும். ஆனால் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்பதுதான் அப்படிப்பட்ட ஊர்களின் வழக்கம், அந்த 7.15 என்பது 19:15 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு நேரங்களுக்கு நடுவே 12 மணிக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடிய எந்தப் பலகையிலும் எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நிலையத்திலுள்ள டைம் கீப்பரிடமோ அந்தத் தடத்து நடத்துநரிடமோ கேட்டுவிட வேண்டும். கேட்கும் வரை அந்தக் கட்டத்தை வெற்றாக விடுவதே சரி. வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும் பயணி விசாரித்துக்கொள்வார். தவறான நேரத்தைப் பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

கடைசியாக, நள்ளிரவைத் தாண்டும் வண்டிகள். நகரத்திலிருந்து இரவு 11.40க்குப் புறப்பட்டு வழியில் ஓர் ஊரை 12.25க்குத் தொடும் பேருந்தை 23:40, 00:25 என்று எழுதினால், புறப்படுவதற்கு முன்பே வண்டி வந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். போக்குவரத்து நேரங்களைப் பகிர்ந்துகொள்ள உலகெங்கும் பயன்படும் GTFS என்ற கோப்பு முறை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் `stop_times.txt` கோப்பில் அந்த நேரத்தை `24:25:00` என்று எழுதலாம். வண்டி கிளம்பிய நாளின் கணக்கிலேயே நேரம் 24ஐத் தாண்டி ஓடும்; 1.10 என்றால் `25:10:00`. அந்த எண்ணை அப்படியே பயணிக்குக் காட்டக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். சனிக்கிழமை வண்டியின் 24:25 என்பதை "சனி இரவு 12.25, ஞாயிறு பிறந்த பின்" என்று எழுதினால், எந்த இரவு நிறுத்தத்துக்கு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.