நிமிடக் கணக்கோடு ஒரு பேட்டரிக் கடிதம்

விடுதிக் காப்பாளர் நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில், “எமர்ஜென்சி விளக்குகள் சரியாக எரிவதில்லை, புது பேட்டரி தேவை” என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும். யாராவது வந்து விளக்கின் சோதனைப் பொத்தானை அழுத்துவார். விளக்கு பளிச்சென எரியும். பச்சைப் புள்ளியும் தெரியும். அதோடு விஷயம் முடிந்துவிடும். தேய்ந்துபோன பேட்டரியும் சில நொடிகள் நன்றாகவே எரியும். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதுதான் கேள்வி.

மூன்று மாடி விடுதி ஒன்றில், நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வாட் எல்இடி விளக்கை அவை புதிதில் ஏறத்தாழ 4 மணி நேரம் எரியவைக்கும். காப்பாளரின் கடிதம் இப்படி அமையலாம்:

“பொருள்: எமர்ஜென்சி விளக்குகளுக்குப் புதிய பேட்டரி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, விளக்குகளை 24 மணி நேரம் தடையின்றி சார்ஜ் செய்தபின், மின் இணைப்பை நிறுத்தி, ஒளி மங்கித் தானாக அணையும் வரை நேரம் குறிக்கப்பட்டது. அலுவலக அறை 170 நிமிடம்; முதல் மாடிப் படிக்கட்டு 38; இரண்டாம் மாடிப் படிக்கட்டு 22; சமையலறை நடை 9 நிமிடம். அலுவலகம் தவிர மற்ற மூன்றுக்கும் புதிய பேட்டரி வாங்க ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.”

இந்தியத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, அவசர விளக்கு ஒன்றரை மணி நேரமாவது தொடர்ந்து எரிய வேண்டும் என்கிறது. இதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால், 38 நிமிடம் போதுமா என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

சமையலறை நடையில் மட்டும் ஏன் 9 நிமிடம்? ஈயப் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஆனால் கோளாறு பேட்டரியில்தானா, சார்ஜ் செய்யும் பலகையிலா என்று நிர்வாகம் கேட்கக்கூடும், கேட்பது நியாயமும்கூட. அதற்கு எளிய வழி உண்டு. சமையலறைப் பேட்டரியையும் அலுவலகப் பேட்டரியையும் இடம் மாற்றி, ஒரு நாள் சார்ஜ் செய்து மீண்டும் அளக்க வேண்டும். நிமிடக் குறைவு பேட்டரியோடு அலுவலக அறைக்குப் போனால் குற்றவாளி பேட்டரி. சமையலறை விளக்கிலேயே நின்றுவிட்டால் பலகையைப் பழுது பார்க்க வேண்டும், புது பேட்டரி போட்டும் பயனில்லை.

எல்லா விளக்குகளையும் ஒரே இரவில் அணையவிடக் கூடாது. மீண்டும் சார்ஜ் ஏற ஒரு நாள்வரை ஆகலாம். அதற்குள் கரண்ட் போனால் விடுதி முழுக்க இருட்டு. அடிக்கடி முழுவதும் தீர்ந்துபோக விடுவதும் பேட்டரிக்குக் கேடு.

பழைய பேட்டரிகளை விற்பவரிடமே திருப்பிக் கொடுப்பதாகக் கடிதத்தில் குறிப்பிடலாம். ஈயம் நச்சு என்பதால் அவற்றைக் குப்பையில் போட 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இடம்தருவதில்லை. புது பேட்டரி பொருத்தியதும் ஒருமுறை அளந்து, தேதியையும் நிமிடத்தையும் விளக்கின் பின்புறம் ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு அளப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் இருக்கும்.