கைபேசிக்கு வரும் கல்யாணப் பத்திரிகை

அச்சகத்தில் பத்திரிகை தயாரானதும் டிசைனர் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பார். வீட்டார் அதையே நூறு பேருக்குத் தட்டிவிடுவார்கள். அன்று மாலையே முதல் கேள்வி வரும்: "முகூர்த்தம் ஆறு மணிக்கா, எட்டு மணிக்கா? படத்துல சரியாத் தெரியலியே." உடனே பழி வாட்ஸ்அப்பின் மேல் விழும். அது படத்தைச் சுருக்குவது உண்மைதான். ஆனால் பெரும்பாலான படங்களில் அதற்கு முன்பே கோளாறு நடந்து முடிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் உள்ள இரண்டு பக்கங்களை அடுத்தடுத்து வைத்து, ஒரே படமாக எடுத்த பத்திரிகை அது. இடது பக்கத்தில் சாமி படமும் மணமக்கள் பெயரும், வலது பக்கத்தில் நாள், நேரம், மண்டபம், உறவினர் பெயர்கள். விரித்த பத்திரிகையின் அகலம் 10 அங்குலம், அதாவது சுமார் 25 செ.மீ. சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. ஆகவே பத்திரிகை கால் பங்கை ஒட்டிய அளவுக்குச் சுருங்கித்தான் கண்ணுக்குத் தெரியும். தாளில் வசதியாகப் படிக்க முடிந்த 10 புள்ளி எழுத்து, திரையில் 3 புள்ளிகூட இருக்காது. இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அறுபது வயதுக்காரர் அதைப் படிக்க முடியாது. விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும்.

அதன் பிறகுதான் சுருக்கம் வேலையைத் தொடங்குகிறது. 300 டிபிஐ தரத்தில் அந்த விரித்த பத்திரிகை 3000 பிக்சல் அகலமும் 2100 பிக்சல் உயரமும் இருக்கும். வழக்கமான தரத்தில் படத்தை அனுப்பினால், அதன் நீளமான பக்கத்தை வாட்ஸ்அப் பொதுவாகச் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைத்துவிடும். தாளில் 42 பிக்சல் உயரம் பெற்ற எழுத்துக்கு இப்போது 22 பிக்சல்தான் மிச்சம். பெரிதாக்கிப் பார்த்தாலும் பலனில்லை. இருக்கிற புள்ளிகளே குறைவு என்பதால் கலங்கல்தான் பெரிதாகும்.

தமிழுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. நம் எழுத்துகளில் மிகச் சின்ன உறுப்பே பொருளை மாற்றிவிடும். எழுத்து குறுகும்போது முதலில் மறைவது புள்ளி. 'கண்ணன்' என்ற பெயர் 'கணணன' ஆகிவிடும். அடுத்து 'ரி', 'ரீ' வித்தியாசத்தைக் காட்டும் சிறு சுழி அடைபட்டுப் போகும். எண்களில் 3, 6, 8 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று குழம்பும். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையிலுள்ள புள்ளியும் கரைந்துவிடும். பூவேலைப்பாடு கொண்ட மெல்லிய எழுத்துருவாக இருந்தால் இவையெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாட்ஸ்அப் படங்களை ஜேபெக் வடிவில் சுருக்குகிறது. அந்த முறை ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால், புகைப்படங்களில் இந்தச் சிக்கனம் வெளியே தெரியாது. எழுத்தில் தெரிந்துவிடும். வழக்கமான மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து தப்பித்துவிடும், இரண்டின் வெளிச்சத்துக்கும் நிறைய வித்தியாசம் இருப்பதால். வாழையிலைப் பச்சையின் மேல் சிவப்பு எழுத்து வைத்தால் கதை வேறு. அடர்பச்சையும் சிவப்பும் வெளிச்சத்தில் ஏறக்குறைய சமம். அங்கே எழுத்து நிறத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த நிறம்தான் கால் பங்காகக் குறைகிறது. விளைவு, எழுத்தின் ஓரங்கள் ஈரத்தாளில் மை ஊறினாற்போல் பரவிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கைபேசியின் கேலரியில் படத்தைத் திறந்து, எடிட் பகுதியிலுள்ள கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்து அப்போதும் பளிச்சென்று தெரிந்தால் கவலை இல்லை. பின்னணியோடு கரைந்துபோனால் நிறத்தை மாற்றச் சொல்லிவிடலாம். சந்தன நிறத்தின் மேல் தங்க நிற எழுத்து இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும்.

வெட்டுப்படுவது மூன்றாவது தொல்லை. நீள உயரமான படம் சாட்டில் வந்து விழும்போது மேலும் கீழும் நறுக்கப்பட்டு நடுப்பகுதி மட்டுமே தெரியும். தட்டித் திறந்தால்தான் முழுப் படம். நான்கைந்து படங்களை ஒரே நேரத்தில் அனுப்பினால் அவை சதுரக் கட்டங்களாக அடுக்கப்பட்டு, பக்கவாட்டிலும் ஓரம் போகலாம். பலரும் தட்டித் திறக்காமலே நகர்ந்துவிடுவதால், மணமக்கள் பெயரும் தேதியும் படத்தின் நடுவில் இருப்பதே பாதுகாப்பு. ஸ்டேட்டஸில் வைக்கும் படத்துக்கு 1080 அகலம், 1920 உயரம் பொருந்தும். அங்கே மேலே அனுப்பியவர் பெயரும் கீழே பதில் எழுதும் பட்டையும் படத்தின் மேல் ஏறி நிற்கும். மேலும் கீழும் சுமார் 250 பிக்சலுக்கு எழுத்து எதுவும் வைக்காமல் விட்டால் மண்டபத்தின் பெயர் மறையாது.

ஆகவே டிசைனரிடம் அச்சுப் பத்திரிகையின் படத்தைக் கேட்காமல், கைபேசிக்கென்று தனியாக ஒன்று கேட்பதே முதல் வேலை. 1080 அகலம், 1350 உயரம் என்ற அளவு சாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். நீளமான பக்கமே 1600-க்குள் இருப்பதால் வாட்ஸ்அப் அளவைக் குறைக்க வேண்டியிருக்காது. லேசாகச் சுருக்குவதோடு விட்டுவிடும். இந்த அகலத்தில் மிகச் சிறிய எழுத்தும் 40 பிக்சலுக்குக் குறையக் கூடாது. உறவினர் பட்டியல் முழுவதும் இதில் அடங்காது. அது அச்சுப் பத்திரிகையிலேயே இருக்கட்டும், அல்லது இரண்டாவது படமாகப் போகட்டும்.

2023 ஆகஸ்டில் வந்த எச்டி வசதியைப் பயன்படுத்தலாம்; டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காமல் அப்படியே போகும். இரண்டும் புள்ளிகளைக் காப்பாற்றும். 3 புள்ளி எழுத்தைப் பெரிதாக்கித் தராது. ஃபார்வர்டு செய்யச் செய்யப் படம் கெடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஃபார்வர்டில் அதே கோப்புதான் போகிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பும்போதும், சேமித்த படத்தை மறுபடி புதிதாக ஏற்றும்போதும்தான் தரம் இறங்குகிறது.

ஊருக்கு அனுப்புமுன் ஒரு சோதனை போதும். சொந்தக் கைபேசியில் பார்ப்பது ஏமாற்றும், அங்கே மூலப்படமே திறக்கக்கூடும். எச்டி இல்லாமல், வழக்கமான தரத்தில், வீட்டில் வேறொருவரின் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். அதைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து, பெரிதாக்காமல் நாள், நேரம், மண்டபம், தொலைபேசி எண் நான்கையும் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுத்து சின்னது. எழுத்துப்பிழைகளும் பெரும்பாலும் இந்த வாசிப்பில்தான் பிடிபடும்.

இன்னொன்று, படத்துக்குள் வைத்த கியூஆர் கோடு. படம் வந்து சேர்ந்த கைபேசியின் கேமராவாலேயே அதே திரையை ஸ்கேன் செய்ய முடியாது. படத்தில் அச்சான வரைபட முகவரியையும் சாதாரண லிங்க் போலத் தட்ட முடியாது. எனவே நாள், நேரம், மண்டபத்தின் பெயர், கூகுள் மேப் லிங்க் ஆகியவற்றைப் படத்தின் அடியிலேயே எழுத்தாகவும் சேர்த்து அனுப்புங்கள். கல்யாணத்தன்று வழியில் நிற்கும் விருந்தினர் அந்த வரியைத்தான் தேடுவார்.