புள்ளி எங்கே அமையும்?

வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் உள்ள வீடுகளில், வட்டமும் சதுரமும் முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்திருக்க, நடுவே ஓரிரு கரும்புள்ளிகள் இடப்பட்ட படங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். மொழிசாராத் திறனறிவு வினாக்களுள் இது ஒரு வகை. முதலில் புள்ளிகளுடன் கூடிய வினாப்படம் ஒன்று தரப்படும். அடுத்து, புள்ளிகள் இல்லாத நான்கு விடைப்படங்கள் தரப்படும். வினாப்படத்தில் புள்ளிகள் பெற்றுள்ள அதே நிலையை எந்த விடைப்படத்தில் பெற இயலும் என்பதே கேள்வி.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவில் நன்கு படித்தவர்களும் தவறுவதுண்டு. புள்ளி படத்தின் எந்தப் பக்கம் உள்ளது, வடிவங்கள் எவ்வளவு பெரியவை, முக்கோணம் எத்திசையில் சாய்ந்துள்ளது என்பவற்றை அவர்கள் ஒப்பிடுகிறார்கள். இவற்றுள் எதுவும் வினாவிற்குத் தேவையில்லை. புள்ளி எந்தெந்த வடிவங்களுக்குள் இருக்கிறது, எவற்றிற்கு வெளியே இருக்கிறது என்பது மட்டுமே தேவை. இவ்விரண்டில் பின்னதை மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்போம். அது வட்டத்திற்குள் உள்ளதா? சதுரத்திற்குள் உள்ளதா? முக்கோணத்திற்குள் உள்ளதா? ஒவ்வொன்றிற்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என இரு விடைகளே இருப்பதால், மொத்தம் 8 நிலைகள் உண்டு. மூன்றிற்கும் வெளியே நிற்கும் நிலையை விலக்கினால் 7 எஞ்சும். ஒரே வடிவத்திற்கு மட்டும் உரியவை 3, இரண்டிற்கு மட்டும் பொதுவானவை 3, மூன்றிற்கும் பொதுவானது 1. இந்த நிலையைப் புள்ளியின் ‘முகவரி’ என்று அழைக்கலாம்.

1880ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தருக்கவியலாளர் ஜான் வென் விளக்கிய படங்களில் இத்தகைய முகவரிகள் அனைத்தும் தவறாமல் இடம்பெறும். பள்ளியில் நாம் வரைந்த வென்படங்கள் அவையே. புள்ளி வினாக்களின் விடைப்படங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் சில முகவரிகள் இல்லாமலே போகும். எது இல்லை என்று கண்டறிவதில்தான் விடை அடங்கியுள்ளது.

இனி ஒரு வினாவை முழுமையாகத் தீர்த்துப் பார்ப்போம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நலம்.

வினாப்படத்தில் இரு புள்ளிகள் உள்ளன எனக் கொள்வோம். முதற்புள்ளி வட்டத்திற்கும் சதுரத்திற்கும் பொதுவான இடத்தில், முக்கோணத்திற்கு வெளியே உள்ளது. இரண்டாம் புள்ளி வட்டத்திற்கும் முக்கோணத்திற்கும் பொதுவான இடத்தில், சதுரத்திற்கு வெளியே உள்ளது. இவ்விரு முகவரிகளையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, வினாப்படத்தை மறந்துவிடலாம்.

விடைப்படங்களுக்காக 6 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைவோம். அதன் வலப்பக்கக் கோட்டின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றையும் வரைவோம். வட்டத்தின் இடப்பாதி சதுரத்திற்குள்ளும், வலப்பாதி வெளியேயும் அமையும்.

முதல் படத்தில், முக்கோணம் முழுவதும் சதுரத்திற்குள்ளேயே இருந்து, அதன் முனை மட்டும் வட்டத்திற்குள் நுழைகிறது. முதற்புள்ளிக்கு இடமுண்டு. ஆனால் முக்கோணத்தின் எந்தப் பகுதியும் சதுரத்திற்கு வெளியே இல்லை. ஆகவே இரண்டாம் புள்ளிக்கு இடமில்லை.

இரண்டாம் படத்தில், பெரியதொரு முக்கோணம் சதுரத்திற்குள் இருக்கும் அரைவட்டம் முழுவதையும் மூடி, வலப்புறம் சதுரத்தைக் கடந்தும் நீள்கிறது. இரண்டாம் புள்ளிக்கு வலப்புறம் இடமுண்டு. முதற்புள்ளிக்கு? வட்டமும் சதுரமும் நன்றாகவே படர்ந்திருப்பதால், ‘இடமுண்டு’ என்று சொல்லத் தோன்றும். கண் ஏமாறும் இடம் இதுதான். அந்தப் பொது இடம் முழுவதும் முக்கோணத்திற்குள்ளும் அடங்கிவிட்டது. எனவே அங்கு இடும் எந்தப் புள்ளியும் மூன்றிற்கும் பொதுவானதாகிவிடும். அது நாம் தேடும் முகவரி அன்று.

மூன்றாம் படத்தில், வட்டம் சற்றுச் சிறிதாகி, முழுவதும் சதுரத்திற்குள் சென்றுவிட்டது. வட்டத்திற்குள் இருப்பது எதுவும் சதுரத்திற்கு வெளியே இருக்க இயலாது. முக்கோணத்தைப் பார்க்காமலேயே இப்படத்தை விலக்கலாம்.

நான்காம் படத்தில், முக்கோணத்தின் முனை வட்டத்தின் மையத்திற்கு 1 செ.மீ. இடப்புறம், அதாவது சதுரத்திற்குச் சற்று உள்ளே உள்ளது. அங்கிருந்து அது வலப்புறமாக விரிந்து வட்டத்தையும் கடந்து செல்கிறது. சதுரத்திற்குள் உள்ள அரைவட்டத்தில் முக்கோணம் ஒரு சிறு முனையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மீதி இடம் முதற்புள்ளிக்கு உண்டு. வலப்புற அரைவட்டத்தில் முக்கோணத்திற்குள் அமையும் பகுதி இரண்டாம் புள்ளிக்கு உரியது. ஆகவே நான்காம் படமே விடை.

மேற்கண்டதிலிருந்து இரு வழிகளைக் கைக்கொள்ளலாம். ஒன்று, ஒரு வடிவம் மற்றொன்றினுள் முழுமையாக அடங்கியுள்ளதா என்று முதலில் பார்ப்பது. அடங்கியிருந்தால், 7 முகவரிகளுள் குறைந்தது இரண்டு அப்போதே நீங்கிவிடும். முதல், மூன்றாம் படங்களை அவ்வாறே விலக்கினோம். மற்றொன்று, இரு வடிவங்களின் பொது இடத்தைக் கண்டதும் நின்றுவிடாமல், மூன்றாம் வடிவம் அதை முழுவதும் மூடியுள்ளதா என்று கேட்பது. இரண்டாம் படத்தை விலக்க இக்கேள்வி தேவைப்பட்டது.

ஒரே முகவரி பல இடங்களில் சிதறிக் கிடப்பதும் உண்டு. 6 செ.மீ. சதுரத்தின் மையத்தையே மையமாகக் கொண்டு 3.5 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்தால், இரண்டும் 8 இடங்களில் வெட்டிக்கொள்ளும். சதுரத்தின் நான்கு மூலைகள் வட்டத்திற்கு வெளியே நீளும்; வட்டத்தின் நான்கு வில்துண்டுகள் சதுரத்திற்கு வெளியே பிதுங்கும்; நடுவே ஒரு பொது இடம் அமையும். துண்டுகள் 9 ஆயினும் முகவரிகள் 3 மட்டுமே. நான்கு மூலைகளுள் எதில் புள்ளி இருந்தாலும் நிலை ஒன்றே. அதேபோல், இரு வடிவங்கள் ஒரு முனையில் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் அங்குப் பொது இடம் இல்லை. தொடுதல் வேறு, படர்தல் வேறு.

பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வில், முதற்கட்டத்தில் 60 நிமிடங்களில் 100 வினாக்கள். சராசரியாக ஒன்றிற்கு 36 நொடிகளே கிட்டும். சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு 0.50 கழிக்கப்படும். இத்தகைய தேர்வில், விடைப்படங்களின் அழகை மாறி மாறிப் பார்த்து ஊகிப்பவர் நேரத்தையும் இழக்கிறார், மதிப்பெண்ணையும் இழக்கிறார்.

வீட்டில் பயிற்சி அளிக்கும் பெற்றோர், ‘எது சரி?’ என்று மட்டும் கேட்டால் போதாது. நான்கில் ஒன்றை ஊகத்தாலும் சொல்லிவிடலாம். ‘இரண்டாம் படம் ஏன் ஆகாது?’ என்று கேட்க வேண்டும். ‘வட்டமும் சதுரமும் சேரும் இடம் முழுவதையும் முக்கோணம் மூடிவிட்டது’ என்று பிள்ளை விடை சொன்னால், முறை கைவந்துவிட்டது என்று அறியலாம்.