‘து’வுக்கு முன்னால் என்ன எழுத்து?

‘செய்துக் கொண்டிருக்கிறார்’, ‘வந்துக் கொண்டிருந்தது’ என்று பலரும் எழுதுகிறார்கள். இரண்டிலும் அந்த ‘க்’ கூடாது. ஆனால் ‘படித்துக் கொண்டிருக்கிறார்’ என்பதில் அது கட்டாயம் வேண்டும். காதை நம்பி இதைத் தீர்க்க முடியாது. பேச்சில் ‘வந்துக்கிட்டு’, ‘படிச்சுக்கிட்டு’ என்று எல்லாமே அழுத்தி ஒலிக்கின்றன. அந்தப் பழக்கம்தான் கையெழுத்திலும் வந்துவிடுகிறது.

இதை வகுப்பில் கற்பிக்க எட்டு அட்டைகள் போதும். எடுத்து + கொடு, கேட்டு + பார், விற்று + தின்றான், வந்து + போனாள், கண்டு + பிடி, நின்று + பேசு, செய்து + கொடு, அழுது + தீர்த்தாள். இரண்டாம் சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால்தான் எழுத்து மிகும் என்பதால் எல்லா அட்டைகளிலும் அப்படியே வைத்திருக்கிறேன்.

ஒற்று மிகுமா, மிகாதா என்று உடனே கேட்கக் கூடாது. பிள்ளைகள் ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் சொல்லின் கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தைப் பார்த்து அட்டைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். எடுத்து, கேட்டு, விற்று மூன்றிலும் த், ட், ற் என்ற வல்லின மெய். வந்து, கண்டு, நின்று மூன்றிலும் ந், ண், ன் என்ற மெல்லின மெய். செய்து என்பதில் இடையினமான ய். அழுது என்பதில் ‘ழு’, அதாவது உகர உயிர் ஏறிய எழுத்து. இப்படி நான்கு குவியல்கள் கிடைக்கும்.

இப்போது ‘கண்டுபிடி’ அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். ‘கண்டுப்பிடி’ என்று யாரும் எழுதுவதில்லை. அதே குவியலில் இருக்கும் வந்து, நின்று ஆகியவற்றுக்கும் அதே தீர்ப்புதான்: வந்து போனாள், நின்று பேசு. செய்து கொடு, அழுது தீர்த்தாள் என்பவையும் இயல்பாகவே நிற்கும். வல்லினக் குவியல் மட்டும் மிகும்: எடுத்துக் கொடு, கேட்டுப் பார், விற்றுத் தின்றான். இலக்கணம் இதை வன்தொடர்க் குற்றியலுகரம் என்கிறது. அந்தப் பெயரை, குவியல் கண்முன் இருக்கும்போது சொன்னால் பிள்ளைகளுக்குப் பாரமாக இராது.

ஓடி, சொல்லி போல இகரத்தில் முடியும் எச்சங்களை இதில் கலக்க வேண்டாம். அவை எப்போதும் மிகும்: ஓடிப் போனான், சொல்லிக் கொடுத்தாள்.

இந்தத் திறவுகோல் வினையெச்சத்துக்கு மட்டுமே. பெயர்ச்சொல்லுக்கு இதைப் போட்டால் தவறிவிடும். ‘பாம்பு’ என்ற சொல்லில் ‘பு’வுக்கு முன்னால் இருப்பது மெல்லின ‘ம்’தான். ‘பாம்பு கடித்தது’ என்னும்போது ஒற்று இல்லை, பாம்பு எழுவாய். ‘பாம்புக்கடி’ என்னும்போது ‘க்’ வந்துவிடுகிறது, ஏனெனில் பாம்பால் உண்டான கடி என்று அங்கே ஒரு வேற்றுமைப் பொருள் மறைந்திருக்கிறது. பாம்பினுடைய தோல் ‘பாம்புத்தோல்’ ஆவதும் அதனால்தான். ஆகவே பெயர்ச்சொல் அட்டைகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அவற்றைப் பிரிக்க எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, இரு சொற்களுக்கும் இடையில் என்ன உறவு என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.