பலகை அறுக்கும் முன் கேட்க வேண்டிய பணம்

புதிதாகக் கட்டிய வீட்டில் மாடுலர் கிச்சன் செய்து தர வரும் மரவேலைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் முதல் நாள் ஒரே பயம்தான் இருக்கிறது. வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்குமோ என்று இவர் நினைக்கிறார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போய்விடுவாரோ என்று அவர் நினைக்கிறார். இரண்டுக்கும் ஊரில் உதாரணங்கள் உண்டு. இவர் முன்பணம் கேட்கும் அந்த நிமிடத்தில் அவருடைய பயம்தான் முதலில் விழித்துக்கொள்கிறது. கேட்பவர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. தன் பயத்தைச் சொல்லிக் கேட்கிறார். எதிரில் இருப்பவரின் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது: “தப்பா நினைக்காதீங்க சார். போன தடவை ஒரு பார்ட்டி ஏமாத்திட்டாரு. அதிலேர்ந்து பாதிப் பணம் வாங்காம வேலையில கை வைக்கிறதில்லை.” சொன்னவருக்கு அது உண்மையான காரணம். கேட்பவரின் காதில், ‘நீங்களும் அந்த மாதிரி ஆளாக இருக்கலாம்’ என்றுதான் விழுகிறது. இன்னொருவர் பட்ட கடனுக்கு இவரிடம் ஜாமீன் கேட்பது போல. முன்பணத்துக்கான காரணம் இந்த வேலைக்குள்ளேயே இருக்கும்போது பழைய பார்ட்டியை இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தக் காரணம் என்ன என்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். நடுத்தரமான ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்கு, மேல் அலமாரியும் கீழ் அலமாரியும் சேர்த்து 2,40,000 ரூபாய்க்கு மரவேலைக்காரர் கொட்டேஷன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 ப்ளைவுட், 8 அடிக்கு 4 அடி ஷீட்டுகள், பின்பக்கத்துக்கு மெல்லிய பலகை எல்லாம் சேர்த்து 60,000. உள்ளேயும் வெளியேயும் ஒட்டும் மைக்கா 30,000. பசை, திருகாணி, விளிம்புப் பட்டை, வண்டி வாடகை 8,000. கீல், டிராயர் சேனல், கூடை வகையறா 34,000. ஆள் கூலி 66,000. மிச்சம் 42,000 அவருடைய உழைப்புக்கும் லாபத்துக்கும்.

இதில் கீலும் சேனலும் கூடையும் கடைசியில் பொருத்தும்போதுதான் தேவைப்படும். ஆனால் பலகை, மைக்கா, பசை, வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து 98,000 ரூபாய் முதல் ஆணி அடிக்கும் முன்பே கையிலிருந்து போய்விடும். அதோடு முதல் வாரக் கூலி ஏறத்தாழ 20,000. ஆக 1,18,000. மொத்தத் தொகையில் இது ஏறக்குறைய பாதி. மரவேலையில் ‘பாதி அட்வான்ஸ்’ என்று காலங்காலமாகச் சொல்வது சும்மா வந்த வழக்கமல்ல என்பது இப்படிப் பிரித்துப் போட்டால் தெரியும்.

தொகையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கடையிலிருந்து வந்த முழு ஷீட்டை இன்னொரு வீட்டு வேலைக்குத் திருப்பிவிடலாம். சில கடைக்காரர்கள் கொஞ்சம் பிடித்துக்கொண்டு திரும்பவும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அடுப்பு மேடையின் உயரத்துக்கும் உங்கள் சிங்க்கின் அகலத்துக்கும் அறுத்துவிட்ட பலகை வேறு எந்த வீட்டுக்கும் சேராது. அந்த நேரத்தில் அது பொருள் என்ற நிலையிலிருந்து நஷ்டம் என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. முன்பணம் கேட்பதன் முழு நியாயமும் இந்த அறுப்பில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. நல்லவருக்கும் திடீரென்று வெளியூருக்கு மாற்றல் வரும். வங்கிக் கடன் தள்ளிப்போகும்.

அதனால் ‘பாதி கொடுங்கள்’ என்று ஒரே மூச்சில் கேட்பதைவிட, எந்தப் பணம் எதற்குப் போகிறதோ அந்த வேலையோடு சேர்த்துக் கேட்பதே நல்லது. மேலே சொன்ன கணக்கில் இப்படிப் பிரிக்கலாம்: அளவெடுத்துப் படம் போடும்போது 24,000, படம் முடிவாகிப் பலகை ஆர்டர் கொடுக்கும் நாளில் 96,000, பெட்டிகள் செய்து வீட்டுக்குள் வந்து இறங்கியதும் 96,000, எல்லாக் கதவும் சரியாகத் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகு 24,000. முதல் இரண்டும் சேர்ந்தால் 1,20,000. தேவைப்பட்ட 1,18,000 கைக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளருக்கோ, முதலில் கையைவிட்டுப் போவது வெறும் 24,000 தான். அதற்கு ஈடாக ஒரு படம் கையில் கிடைக்கிறது. அவர் எந்தக் கட்டத்திலும், பார்த்த வேலைக்கு மேல் ஒரு படிதான் முன்னால் நிற்கிறார்.

கடைசி 24,000 இதில் தனிக் கவனத்துக்கு உரியது. மேலோட்டமாகப் பார்த்தால் அது மரவேலைக்காரருக்குப் பாதகம் போலத் தோன்றும். என் கருத்தில் முன்பணப் பேச்சை இதமாக்குவது அந்தத் தொகைதான். ‘வேலை முடிந்து நீங்கள் திருப்தி என்று சொல்லும்வரை என் லாபத்தில் பாதிக்கு மேல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தபின், அவர் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று யாருக்கும் தோன்றாது.

எப்போது சொல்வது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். வீட்டைப் பார்த்து, நிறம் பேசி, காபி குடித்து, தேதியும் குறித்த பிறகு, கிளம்பும்போது வாசலில் நின்று ‘அப்புறம் சார், அட்வான்ஸ் ஒண்ணு...’ என்று இழுப்பார்கள். எல்லாம் பேசி முடித்தபின் புதிதாக ஒரு நிபந்தனை முளைத்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். கொட்டேஷன் தாளிலேயே விலைக்கு அடியில் இந்த நான்கு தவணைகளும் அச்சாகியிருக்க வேண்டும். அப்போது அது விலையின் ஒரு பகுதி. எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுக்கும் அதே தாள். வரி தனியா, சேர்த்தா என்பதும் அங்கேயே இருக்கட்டும். இந்த வகை வேலையில் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் முன்பணம் வாங்கும்போதே அதற்கு வரி கணக்குக் காட்ட வேண்டும். முன்பணத்துக்கென்று ரசீது வவுச்சரும் தர வேண்டும். இதைத் தாளில் எழுதாமல் பணம் வாங்கும் நாளில் ‘வரி தனி சார்’ என்றால், அதுவரை சேர்த்த நல்ல பெயர் அங்கே போய்விடும்.

வாயால் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். மிரட்டும் குரலும் வேண்டாம். தேதியையும் வேலையையும் சொன்னால் போதும்: “சார், வெள்ளிக்கிழமை வந்து அளவெடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை படம் உங்க கையில இருக்கும். படம் சரின்னு நீங்க சொல்ற அன்னைக்கு 96,000 போட்டுட்டீங்கன்னா மறுநாளே பலகை ஆர்டர் போட்டுடலாம். பலகை வந்த அன்னைக்கு முத்திரை தெரியற மாதிரி போட்டோ அனுப்பிடறேன்.” கடைசி வாக்கியம்தான் வாடிக்கையாளரின் பயத்துக்கு நேரான பதில். பணம் எங்கே போனது என்று அவர் கேட்க வேண்டிய அவசியம் வராது. கடை பில்லின் நகலையும் சேர்த்து அனுப்புகிறவரிடம் அடுத்த தவணை தானாகவே வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர், “முதல்ல ஆரம்பிங்க, பணம் எங்கே ஓடிடப் போகுது?” என்பார்கள். கோபப்பட வேண்டாம். “பணம் ஓடிடும்னு கேக்கலை சார். உங்க அளவுக்கு அறுத்த பலகை வேற வீட்டுக்கு ஆகாது, அதனால கேக்கறேன். உங்களுக்குத் தயக்கமா இருந்தா பலகையும் மைக்காவும் நீங்களே கடையில நேரா பணம் கட்டி வாங்குங்க. லிஸ்ட் எழுதித் தர்றேன். அந்தத் தொகையைக் கொட்டேஷன்ல கழிச்சிடலாம்.” இந்த மாற்று வழிக்கு ஒரு பெரிய பயன் உண்டு. உண்மையிலேயே ஏமாந்துவிடுவோமோ என்று பயந்தவர் உடனே ஒப்புக்கொள்வார். கையில் பணம் இல்லாமலேயே வேலையைத் தொடங்கப் பார்ப்பவர் இதற்கும் ஏதாவது சாக்குச் சொல்வார். யார் எவர் என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

அதற்கு ஒரு எல்லையும் உண்டு. கடை விலையை வாடிக்கையாளர் நேரில் பார்ப்பார். பலகையில் மறைவாக லாபம் வைத்திருந்தால் அது அன்றே வெளியாகிவிடும். கடைக்காரர் தரும் கமிஷனை நம்பிப் பிழைப்பவரால் இந்த வழியைச் சொல்லவே முடியாது. லாபத்தைக் கூலியிலும் மேற்பார்வையிலும் வெளிப்படையாகக் காட்டுகிறவருக்குத்தான் இது கைகொடுக்கும்.

வேலை நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் இரண்டு மூன்று வரியில் எழுதிவிட வேண்டும். படம் கொடுத்தபின் நின்றால் 24,000 படத்துக்கான கூலி. பலகை ஆர்டர் கொடுக்கும் முன் நின்றால் மற்றது முழுவதும் திரும்பும். ஆர்டர் கொடுத்தபின் நின்றால் கடைக்காரர் பிடித்துக்கொண்டது போக மீதி. அறுத்தபின் நின்றால் பலகை வாடிக்கையாளருக்குச் சொந்தம். ‘அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று பொத்தாம்பொதுவாக அடித்துவிடுவது பார்க்கவும் மோசம், சட்டத்திலும் அவ்வளவு உறுதியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வாங்குவது இருவருக்கும் சாட்சி. ஒரே வேலைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தவணை தவணையாகப் பிரித்து வாங்கினாலும் அப்படித்தான்.

முன்பணம் கெட்ட பெயர் எடுத்ததற்குப் பெரிய காரணம், அதை வாங்கியவர்கள் செலவழித்த விதம். இந்த வீட்டு அட்வான்ஸில் போன வீட்டுக்குக் கீல் வாங்குவது, அடுத்த வீட்டு அட்வான்ஸில் இந்த வீட்டுக்குப் பலகை இறக்குவது என்று சுழற்றுவார்கள். புது வேலை வந்துகொண்டிருக்கும்வரை சுழலும். ஒரு மாதம் வேலை வராவிட்டால் மூன்று வீடுகள் ஒரே நேரத்தில் நின்றுவிடும். வாடிக்கையாளர் இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு: பலகை வந்து இறங்கும் முன்பே அடுத்த தவணைக்கு போன் வரும். மரவேலைக்காரர் தனக்கென்று செய்துகொள்ள வேண்டியது, முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அதிலிருந்து அந்த வீட்டின் பில்லுக்கு மட்டும் பணம் வெளியே போகட்டும்.

எல்லா வேலைக்கும் இந்த ஏற்பாடு தேவைப்படாது. கழன்ற கீலை மாற்றுவதற்கும் இரண்டு டிராயர் சேனல் பொருத்துவதற்கும் முன்பணம் கேட்டால்தான் உண்மையிலேயே அவநம்பிக்கையாகத் தெரியும். பொருளை மீண்டும் விற்க முடிகிற, ஒரே நாளில் முடிகிற வேலைக்கு முடித்துவிட்டு வாங்குவதே முறை. பெரிய வேலையில், தவணையும் வேண்டாம், கடைக்கு நேராகவும் கட்ட மாட்டேன், முடித்தபின் மொத்தமாகத் தருகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்பவரிடம், “இந்த முறையில என்னால செய்ய முடியாது சார். படம் வேணும்னா படத்துக்கு மட்டும் கொடுத்துட்டு வாங்கிக்குங்க, வேற யார்கிட்டயும் காட்டிச் செய்யலாம்” என்று சொல்லி விலகலாம். அப்படி விலகியவரைச் சில மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, அந்த 24,000ஐ முதலில் அனுப்பிய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.